ஒரு விபத்தும் இரண்டு வழக்குகளும்

காரைக்காலிலிருந்து தெற்கே நாகூரை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை நெரவிப் பக்கமாகப் போய், திருமலைராயன்பட்டினத்தைத் தாண்டி, வாஞ்சூரில் புதுச்சேரியின் எல்லையை விட்டுத் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. அந்தச் சாலையில் ஒரு லாரி ஒரு மோட்டார் சைக்கிளின்மேல் மோதி, ஓட்டி வந்தவர் இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். நடந்த சம்பவம் ஒன்றே. ஆனால் சட்டத்தின் கண்ணில் அதிலிருந்து இரண்டு வழக்குகள் பிறக்கின்றன. ஒன்று ஓட்டுநரைத் தண்டிக்க வேண்டுமா என்று கேட்கும் குற்றவியல் வழக்கு. மற்றது இறந்தவரின் குடும்பத்துக்கு நேர்ந்த நஷ்டத்தை யார் ஈடு செய்வது என்று கேட்கும் உரிமையியல் தன்மையுடைய வழக்கு. இவ்விரண்டும் ஒன்றென்று எண்ணி, "கிரிமினல் கேஸ் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று காத்திருந்தோ, "டிரைவர் விடுதலையாகிவிட்டான், இனி நமக்கு ஒன்றுமில்லை" என்று மனமொடிந்தோ தமக்குச் சேரவேண்டியதை இழந்த குடும்பங்கள் டெல்டாக் கரையில் பல உண்டு. ஆகையால் சிவில் வழக்குக்கும் கிரிமினல் வழக்குக்கும் உள்ள பேதத்தை நிலத்தகராறு, கடன் பத்திரம் என்று பல முனைகளிலிருந்தும் தொட்டுக் காட்டுவதைவிட, இந்த ஒரு விபத்தை வைத்துக்கொண்டே இவ்வத்தியாயத்தில் விளக்க முற்படுகிறேன்.

முதலில், வழக்கைத் தொடுப்பவர் யார் என்பது. குற்றவியல் வழக்கில் இறந்தவரின் மனைவியோ தம்பியோ காவல் நிலையத்துக்குச் சென்று வாக்குமூலம் கொடுப்பதோடு அவர்களுடைய ஆரம்பப் பங்கு முடிந்துவிடுகிறது. அதன்பிறகு வழக்கு அரசாங்கத்தினுடையது. காவல்துறை முதல் தகவல் அறிக்கையைப் பதிவு செய்து, இடத்தைப் பார்வையிட்டு, வரைபடம் போட்டு, சாட்சிகளை விசாரித்து, மோட்டார் வாகன ஆய்வாளரைக் கொண்டு லாரியின் பிரேக்கைச் சோதித்து, குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்கிறது. நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் அதை நடத்துகிறார். குடும்பத்தார் கூண்டில் ஏறும்போது வாதியாக அல்ல, சாட்சியாகவே ஏறுகிறார்கள். வழக்கு தங்களுடையதல்ல என்பதால் அதைத் திரும்பப் பெறும் அதிகாரமும் அவர்களுக்கு இல்லை. லாரி முதலாளி பெரியவர்கள் சிலரை அழைத்து வந்து, ஒரு தொகையைக் கையில் கொடுத்து, "இனி வழக்கு வேண்டாம்" என்று வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவது நம் பக்கத்தில் சகஜம். ஆயினும் கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்ற குற்றம் தரப்பினர் தமக்குள் சமாதானம் செய்துகொண்டு முடித்துக்கொள்ளக் கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. அந்தத் தாளால் குற்ற வழக்கு நின்றுவிடாது. ஆனால் பிற்பாடு இழப்பீட்டு விசாரணையில் எதிர்த்தரப்பு அதை எடுத்துக் காட்டிக் குடும்பத்தைச் சங்கடப்படுத்தும். கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்த ஒன்றையாவது நினைக்க வேண்டும்.

குற்ற வழக்கு எப்போதுமே அரசாங்கத்தின் கையில்தான் இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. திரும்பி வந்த காசோலைக்காகத் தொடுக்கும் வழக்கு தண்டனை விதிக்கும் வழக்காயிருந்தும் பணம் வரவேண்டியவரே தாக்கல் செய்வது. எனினும் சாலை விபத்தைப் பொறுத்தவரை பொது விதியே செல்லும்.

நஷ்டஈட்டு வழக்கோ முற்றிலும் குடும்பத்தினுடையது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவின்கீழ், காயம்பட்டவரோ, இறந்தவரின் சட்டப் பிரதிநிதிகளோ மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்கிறார்கள். எதிர்மனுதாரர்களாக நிறுத்தப்படுகிறவர்கள் யார் என்று கவனித்தாலே இரு வழக்குகளின் வித்தியாசம் விளங்கும். குற்றவாளிக் கூண்டில் நின்றது ஓட்டுநர் ஒருவரே. இங்கே முக்கியமாக நிற்பவர்கள் லாரியின் உரிமையாளரும் அந்த லாரிக்குக் காப்பீடு கொடுத்த கம்பெனியும். வேலைக்காரன் வேலையின்போது செய்த பிழைக்கு எஜமானன் பொறுப்பாளி என்ற நியாயத்தால் உரிமையாளரும், ஒப்பந்தத்தாலும் சட்டத்தாலும் காப்பீட்டுக் கம்பெனியும் பணம் கொடுக்கக் கடமைப்படுகிறார்கள். ஓட்டுநரின் பாவத்துக்காக முதலாளியைச் சிறையில் வைக்க முடியாது. ஆனால் முதலாளியிடமிருந்து பணம் வசூலிக்க முடியும்.

காரைக்காலில் வயோதிகர்கள் சிலர், "பிரெஞ்சுக்காரன் காலத்தில் இப்படி இரண்டு இடத்துக்கு அலையவேண்டியதில்லையே" என்று சொல்லக் கேட்கலாம். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. பிரெஞ்சு முறையில் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர் உரிமைத் தரப்பாக அந்தக் குற்ற வழக்கிலேயே சேர்ந்துகொண்டு, தண்டனையோடு நஷ்டஈட்டையும் ஒரே மன்றத்தில் கேட்க இடமிருந்தது. 1954 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்து, 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி சட்டப்படியான உரிமை மாற்றமும் நிறைவேறிய பின்னர், 1963இல் இந்திய தண்டனைச் சட்டமும் 1968இல் உரிமையியல் நடைமுறைச் சட்டமும் இங்கே நீட்டிக்கப்பட்டன. அத்துடன் இரு வழக்குகளும் இரு பாதைகளில் பிரிந்துவிட்டன. இப்போதும் குற்ற நீதிமன்றம் தண்டனை விதிக்கும்போது பாதிக்கப்பட்டவருக்கு ஒரு தொகை கொடுக்கும்படி உத்தரவிட அதிகாரம் பெற்றிருக்கிறது என்றாலும், அது விபத்து வழக்குகளில் முழு நஷ்டத்தை ஈடு செய்வதற்காக அமைந்தது அன்று. குடும்பம் அதை நம்பி இருக்கலாகாது.

இனி, நிரூபிக்க வேண்டியது என்ன என்பது. இவ்வத்தியாயத்தின் உயிர்நாடி இதுதான் என்பதால் சற்று நின்று பார்ப்போம்.

2024 ஜூலை 1ஆம் தேதி முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு, அசட்டுத் துணிச்சலாலோ கவனக்குறைவாலோ மரணம் விளைவித்தவருக்கு ஐந்து வருஷம் வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் இது இரண்டு வருஷமாக இருந்தது. தண்டனை கூடியிருந்தாலும் இது ஜாமீனில் விடக்கூடிய குற்றமாகவே இருக்கிறது. ஆகவே ஓட்டுநர் காவல் நிலையத்திலேயே ஜாமீன் பெற்று மாலைக்குள் வீடு திரும்பினால், "போலீஸார் பணம் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள்" என்று உடனே முடிவு கட்டுவது நியாயமாகாது. சட்டம் அவருக்குக் கொடுத்திருக்கிற உரிமை அது.

இந்தக் குற்றம் நிலைநிற்க, சம்பவ நேரத்தில் லாரியை ஓட்டியது இன்ன மனிதன்தான் என்பதும், அவன் ஓட்டிய விதம் தண்டிக்கத்தக்க அளவுக்குக் கவனமற்றது என்பதும், அதன் நேரடி விளைவாகவே மரணம் நேர்ந்தது என்பதும் ஒவ்வொன்றும் நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட வேண்டும். வழக்கு உடைவது பெரும்பாலும் முதலிரண்டு இடங்களில். சாலையோரக் கடைக்காரர் சத்தம் கேட்டுத் திரும்பியபோது மோதல் முடிந்துவிட்டிருக்கும். லாரியிலிருந்து குதித்து ஓடியவனின் முகத்தை அவர் பார்த்திருக்கமாட்டார். பார்த்த ஒருவரும் இரண்டு வருஷம் கழித்துக் கூண்டில் ஏறி, "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று பிறழ்சாட்சியாகிவிடுவார். "லாரி அதிவேகமாக வந்தது" என்று சாட்சி சொல்லிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், அது போதாது. கர்நாடகத்திலிருந்து சென்ற ஒரு லாரி வழக்கில் 1998இல் உச்ச நீதிமன்றம், வேகம் என்பது சூழ்நிலையைப் பொறுத்த வார்த்தை, அதை மட்டும் கொண்டு கவனக்குறைவை அனுமானிக்க முடியாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சாலையின் எந்தப் பக்கத்தில் லாரி இருந்தது, டயர் தேய்ந்த தடம் எவ்வளவு நீளம், மோட்டார் சைக்கிள் எந்தப் பக்கம் நொறுங்கியிருந்தது என்ற விவரங்கள் வரைபடத்திலும் பார்வை மகஜரிலும் இருந்தாலொழிய, வேகத்தைப் பற்றிய பேச்சு காற்றோடு போய்விடும். மேலும், குற்றம் சாட்டப்பட்டவன் வாயைத் திறக்காமலே இருக்கலாம். அவன் மௌனத்தை அவனுக்கு விரோதமாக நீதிபதி எடுத்துக்கொள்ளக் கூடாது.

தீர்ப்பாயத்தில் இந்த அளவுகோல் அடியோடு மாறுகிறது. அங்கே கேட்கப்படுவது, இரு தரப்பும் சொல்லும் இரண்டு கதைகளில் எது நடந்திருக்கக் கூடியது, எந்தப் பக்கம் சாத்தியம் கனக்கிறது என்பதே. தராசின் ஒரு தட்டு சற்றே தாழ்ந்தால் போதும். அது தரையைத் தொட வேண்டியதில்லை. சாட்சியச் சட்டத்தின் கண்டிப்பான விதிகளை அப்படியே கடைப்பிடிக்கத் தேவையில்லாத சுருக்க விசாரணை அது. முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாகன ஆய்வாளரின் அறிக்கை ஆகியவற்றை ஆவணங்களாகக் குறியிட்டு, மனைவி ஒரு சாட்சியாகவும் சம்பவத்தைக் கண்ட ஒருவர் இன்னொரு சாட்சியாகவும் வந்து சொன்னால், குடும்பத்தின் பொறுப்பு அநேகமாக நிறைவேறிவிடும். அதற்குப் பிறகு, நடந்தது வேறு மாதிரி என்று சொல்லவேண்டியவர் ஓட்டுநர். அவர் கூண்டில் ஏறாமல் ஒளிந்துகொண்டால், குற்ற நீதிமன்றத்தில் அவருக்குக் கவசமாயிருந்த அதே மௌனத்தை இங்கே தீர்ப்பாயம் எதிர்த்தரப்புக்குப் பாதகமாகக் கருதலாம்.

இந்த வேற்றுமை வெறும் ஏட்டுச் சித்தாந்தம் அன்று என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே உச்ச நீதிமன்றம் சென்ற ஒரு வழக்கு சாட்சியாக இருக்கிறது. என்.கே.வி. பிரதர்ஸ் எதிர் கருமை அம்மாள் என்பது அதன் பெயர். தீர்ப்பளித்த ஆண்டு 1980. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். இருட்டிய பிறகு சென்றுகொண்டிருந்த ஒரு பஸ், சாலைக்குக் குறுக்கே தாழ்ந்து தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் போய் மோதியது; இருபத்தாறு பேர் பாதிக்கப்பட்டார்கள், அவர்களில் எட்டுப் பேர் அங்கேயே மாண்டார்கள். ஓட்டுநர்மேல் நடந்த குற்ற வழக்கில், நேர்ந்தது தெய்வச் செயல் என்று கூறி நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஆனால் இழப்பீட்டு வழக்கை விசாரித்த தீர்ப்பாயமோ வேறு முடிவுக்கு வந்தது: எதிரே கம்பி தொங்குகிறதென்று பிரயாணிகள் கூக்குரலிட்டும் ஓட்டுநர் நிறுத்தாமல் அந்த இடத்தை நோக்கி ஓட்டிப் போனார் என்று அது கண்டது, உயர் நீதிமன்றமும் அதை ஒப்புக்கொண்டது. பஸ் முதலாளிகள் உச்ச நீதிமன்றத்தில் வைத்த வாதம், ஓட்டுநரே விடுதலையான பின்னர் நஷ்டஈடு எப்படி நிற்கும் என்பது. அந்த வாதம் நிராகரிக்கப்பட்டது. தண்டனைக்கு வேண்டிய குற்றமுள்ள துணிச்சல் கடுமையான அளவுகோல், நஷ்டஈட்டுக்குப் போதுமான கவனக்குறைவு அதைவிட இலேசானது, ஆகையால் ஒன்றில் தோல்வி மற்றதில் தோல்வியாகாது என்பதே அத்தீர்ப்பின் கருத்து. அத்தோடு நில்லாமல், சிறு சந்தேகங்களையும் நுணுக்கமான தடைகளையும் காட்டி வாகன உரிமையாளர்கள் தப்பிக்கத் தீர்ப்பாயங்கள் இடம் கொடுக்கலாகாது என்றும், விசாரணையை இழுத்தடிக்கலாகாது என்றும் நீதிபதி அறிவுறுத்தினார்.

நாற்பது வருஷத்துக்கு மேல் கடந்தும், காப்பீட்டுக் கம்பெனியின் வழக்கறிஞர் குற்ற வழக்கின் விடுதலைத் தீர்ப்பைப் பெரிய ஆயுதமாக எடுத்துவந்து குறியிடச் சொல்வதை இன்றும் பார்க்கலாம். அப்போது கலங்காமல் அந்தத் தீர்ப்பை முழுவதும் படித்துப் பார்க்க வேண்டும். ஓட்டுநர்மேல் பிழையே இல்லை என்று அது சொல்கிறதா, அல்லது சாட்சிகள் பிறழ்ந்ததால் சந்தேகத்தின் பலனை அவருக்குக் கொடுக்கிறதா? பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருக்கும். அப்படியானால் அது விபத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. போலீஸார் கொண்டுவந்த சாட்சியம் போதவில்லை என்று மட்டுமே சொல்கிறது. இதற்கு மறுதலையும் உண்டு. காயம் மட்டும் ஏற்பட்ட சிறு வழக்குகளில் ஓட்டுநர் அலைச்சலைத் தவிர்க்கவென்று முதல் நாளிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போவது வழக்கம்; அந்த ஒப்புதலின் நகல் தீர்ப்பாயத்தில் காயம்பட்டவருக்கு நல்ல சாட்சியம் ஆகிறது, முற்றுப்புள்ளி ஆகாவிட்டாலும்.

வழக்கு எந்த நீதிமன்றத்தில் கெடும் என்பதைவிட, நீதிமன்றத்துக்கு வருமுன்பே எங்கே கெடுகிறது என்பதை அறிவது அதிகப் பிரயோஜனம். அடிபட்டவரை முதலில் கொண்டுபோகும் ஆஸ்பத்திரியில், காரைக்கால் அரசுப் பொது மருத்துவமனை ஆகட்டும் வேறு இடமாகட்டும், பணி டாக்டர் விபத்துப் பதிவேட்டில் நான்கு வரி எழுதுகிறார், வழக்கறிஞர்கள் "ஏ.ஆர். காப்பி" என்று சொல்வது அதன் நகலைத்தான். அழைத்து வந்தவர் பதற்றத்தில், "வண்டியிலிருந்து விழுந்துட்டாருங்க" என்று சொன்னால், டாக்டரும் தாமாக விழுந்தார் என்று எழுதிவிடுவார். லாரி என்ற பேச்சே அங்கு இராது. பிற்பாடு முதல் தகவல் அறிக்கையில் லாரியின் எண் வரும்போது, காப்பீட்டுக் கம்பெனி இந்த நான்கு வரியை முன்னால் வைத்து, லாரி பிறகு சேர்க்கப்பட்டது என்று வாதிக்கும். அவ்விதம் பொய்யாக வாகனத்தைச் சேர்த்த வழக்குகளும் உண்டாதலால் தீர்ப்பாயம் அதைக் காது கொடுத்துக் கேட்கவே செய்யும். அழைத்துப் போகிறவர் சொல்லவேண்டியது மூன்றே: எந்த வாகனம் மோதியது, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு. எண் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே சொல்லலாம். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்வதுதான் கேடு.

அடுத்தது முதல் தகவல் அறிக்கை. தகவல் கொடுத்தவருக்கு அதன் நகல் இலவசமாகக் கொடுக்கப்பட வேண்டும். வாங்கியவுடன் குற்றம் சாட்டப்பட்டவர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இறந்துபோன மோட்டார் சைக்கிள்காரரையே குற்றவாளியாகக் காட்டி, அவர் இறந்துவிட்டபடியால் நடவடிக்கை கைவிடப்படுகிறது என்று வழக்கை முடித்துவிடுவதும் நடப்பதுண்டு. லாரி ஓட்டுநர் முந்திக்கொண்டு புகார் கொடுத்திருந்தால் விசேஷமாக இது நேரும். அப்படியிருந்தால் உடனே காவல்துறை மேலதிகாரிக்கு எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிப்பதோடு, சம்பவத்தைக் கண்ட சாட்சியைத் தேடிவைப்பதும் குடும்பத்தின் கடமை. ஏனெனில் தீர்ப்பாயம் போலீஸாரின் முடிவுக்குக் கட்டுப்பட்டதன்று, ஆனால் அதை மறுக்கக் கண்ணால் கண்ட சாட்சியம் கேட்கும்.

நெரவி போன்ற காரைக்கால் பகுதி ஊர்க்காரர்களுக்கு இன்னொரு விசேஷமான சிக்கல் எல்லையால் வருகிறது. காரைக்கால் நாற்புறமும் தமிழ்நாட்டு நிலத்தாலும் கடலாலும் சூழப்பட்ட சிறு பகுதி. காலையில் புறப்பட்டு நாகூருக்கோ நாகப்பட்டினத்துக்கோ வேலைக்குப் போய்வருகிறவர் தினமும் இரண்டு அரசாங்கங்களைக் கடக்கிறார். விபத்து வாஞ்சூருக்கு இப்பால் நடந்தால் குற்ற வழக்கு புதுச்சேரிக் காவல்துறையினுடையது. அப்பால் நடந்தால் தமிழ்நாட்டினுடையது, விசாரணையும் நாகப்பட்டினம் மாவட்ட நீதிமன்றங்களில். குற்றம் எங்கே நிகழ்ந்ததோ அங்கேயே விசாரிக்கப்படும் என்பது பொது விதி. ஆனால் அலைச்சலைக் குறைக்க இரண்டு சலுகைகள் இருக்கின்றன. தகவல் கொடுக்க எந்தக் காவல் நிலையத்துக்கும் போகலாம்; பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, தங்கள் எல்லையில் நடக்கவில்லை என்று காரணம் சொல்லி அவர்கள் மறுக்கக் கூடாது; பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். இழப்பீட்டு மனுவையோ விபத்து நடந்த இடத்தில் மட்டுமன்றி, மனுதாரர் வசிக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலும் தாக்கல் செய்யலாம். ஆகவே லாரி நாகூரில் மோதியிருந்தாலும், அதன் முதலாளி சேலத்தில் இருந்தாலும், நெரவிக் குடும்பம் காரைக்காலிலேயே வழக்கு நடத்தலாம். மனுவுக்கு ஆறு மாதம் என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தம் கெடு வைத்திருக்கிறது. அந்தக் கெடு செல்லுமா என்பது உச்ச நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டிருக்கிறது என்றாலும், அதை நம்பித் தாமதிப்பது புத்திசாலித்தனமன்று. குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருப்பவர்கள் முதலில் இழப்பது இந்த ஆறு மாதத்தைத்தான்.

விளைவுகளைப் பார்ப்போம். குற்ற வழக்கு ஜெயித்தால் ஓட்டுநருக்குச் சிறை, அத்துடன் அபராதம், லைசென்ஸும் பறிபோகலாம். அபராதம் போவது அரசாங்கக் கஜானாவுக்கு. தோற்றால் விடுதலை, அந்த விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமை பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கும் இப்போது உண்டு.

தீர்ப்பாயத்தின் முடிவு ஒரு தொகையாகவே வரும். அந்தத் தொகையை நீதிபதி தம் மனம்போனபடி நிர்ணயிப்பதில்லை. 2009ஆம் ஆண்டு சரளா வர்மா தீர்ப்பும் 2017ஆம் ஆண்டு பிரணய் சேத்தி தீர்ப்பும் வகுத்த கணக்கு ஒன்று இருக்கிறது. நம் விபத்தில் இறந்தவர் முப்பத்தெட்டு வயதுக் கொத்தனார், மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்தவர், மனைவியும் இரண்டு பிள்ளைகளும் தாயாரும் அவரை நம்பியிருந்தார்கள் என்று கொள்வோம். சொந்தமாகத் தொழில் செய்பவர், நாற்பது வயதுக்கு உட்பட்டவர் என்பதால் வருங்கால உயர்வுக்காக நூற்றுக்கு நாற்பது சேர்க்கப்பட, மாத வருமானம் 21,000 ஆகிறது. நம்பியிருந்தவர்கள் நால்வர் என்பதால் அவர் தமக்கென்று செலவழித்திருப்பார் என்று நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 15,750; வருஷத்துக்கு 1,89,000. முப்பத்தாறு முதல் நாற்பது வயது வரைக்கும் உரிய பெருக்கெண் பதினைந்து. பெருக்கினால் 28,35,000 ரூபாய். இதன்மேல் ஈமச்செலவு, ஆஸ்தி நஷ்டம், துணையிழப்பு என்ற தலைப்புகளில் சில தொகைகளும், மனுத் தாக்கல் செய்த நாள் முதல் வட்டியும் சேரும்.

இந்தக் கணக்கில் எதிர்த்தரப்பு கை வைக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று வருமானம். கொத்தனாருக்குச் சம்பளச் சீட்டு ஏது? வேலை கொடுத்த மேஸ்திரியின் சாட்சியம், தொழிலாளர் நல வாரிய அட்டை, வங்கிக் கணக்கு இவற்றில் ஏதாவது இருந்தால் சொன்ன தொகை நிற்கும். இல்லையேல் தீர்ப்பாயம் தானே ஒரு தொகையை உத்தேசமாக வைக்கும், அது குறைவாகவே இருக்கும். மாதத்துக்கு ஆயிரம் ரூபாய் குறைந்தால் முடிவுத் தொகையில் 1,89,000 குறைந்துபோகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், மேஸ்திரியைக் கூண்டுக்கு அழைத்து வரும் சிரமம் பெரிதாகத் தோன்றாது. மற்றொன்று பங்களிப்புக் கவனக்குறைவு. குற்ற நீதிமன்றத்தில் ஓட்டுநர் குற்றவாளி அல்லது நிரபராதி, நடுவில் ஒன்றில்லை. தீர்ப்பாயமோ பிழையைப் பங்கிட்டுப் பார்க்கிறது. கொத்தனாரும் குறுக்குச் சாலையிலிருந்து பாராமல் ஏறினார், நான்கில் ஒரு பங்கு பிழை அவருடையது என்று கண்டால், 28,35,000 என்பது 21,26,250 ஆகச் சுருங்கும். ஹெல்மெட் அணியாததும், ஒரே வண்டியில் மூவர் போனதும் இந்தத் தலைப்பில்தான் பேசப்படும்.

மோதிய வாகனம் எதுவென்றே தெரியாமல் போய்விட்டால் இந்தக் கணக்குக்கே இடமில்லை. 161ஆம் பிரிவின்கீழ் மரணத்துக்கு இரண்டு லட்சமும் கொடுங்காயத்துக்கு ஐம்பதாயிரமும் என்ற நிர்ணயமான தொகையைத்தான் கோரலாம். வாகனத்தின் எண்ணை ஒருவர் பார்த்துவைப்பதன் மதிப்பு இருபத்தைந்து லட்சத்துக்கு மேல் என்று இதனால் தெரிகிறது.

தீர்ப்பாயத்தின் தீர்ப்பை எதிர்த்து தொண்ணூறு நாளுக்குள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். புதுச்சேரிப் பகுதிகள் 1962 நவம்பர் முதல் அந்நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. பணம் கட்டவேண்டியவர் மேல்முறையீடு செய்வதாயிருந்தால் இருபத்தையாயிரம் ரூபாய் அல்லது தீர்ப்புத் தொகையில் பாதி, இவற்றில் எது குறைவோ அதை முன்னரே கட்டவேண்டும். கட்ட மறுத்தால் தீர்ப்பாயம் சான்றிதழ் கொடுத்து, கலெக்டர் மூலம் நிலவரிப் பாக்கியைப் போல வசூலிக்கச் செய்யலாம்.

பணம் வந்த பிறகும் குடும்பம் அறிந்திருக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. தொகையை மனைவி, தாய், பிள்ளைகள் என்று தீர்ப்பாயமே பங்கிட்டுக் கொடுக்கிறது. இதற்கு வாரிசுச் சான்றிதழும் ஒவ்வொருவர் பெயரிலும் வங்கிக் கணக்கும் வேண்டும். மைனர் பிள்ளைகளின் பங்கு அவர்களுக்குப் பதினெட்டு வயது நிரம்பும் வரை தேசிய வங்கியொன்றில் நிலையான வைப்பில் கிடக்கும். வட்டியைத் தாய் எடுத்துக்கொள்ள உத்தரவு பெறலாம். கல்லூரிக் கட்டணமோ பெரிய வைத்தியச் செலவோ வந்து அசலில் ஒரு பகுதி தேவைப்பட்டால், கட்டண ரசீதையோ டாக்டரின் மதிப்பீட்டையோ இணைத்து அதே தீர்ப்பாயத்தில் ஒரு மனுப் போட்டுக் கேட்கலாம். எதிர்த்தரப்பு காப்பீட்டுக் கம்பெனி பணத்தைக் கட்டி விலகிவிட்டபடியால் அந்த மனுவை எதிர்க்க யாரும் வருவதில்லை.